மூச்சுக்குழாயில் தொடங்கி எலும்பில் முடியுங்கள்

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றைக் கையில் கொடுத்தால், எவருடைய கண்ணும் முதலில் அதிலுள்ள வெள்ளைத் திட்டுக்குத்தான் ஓடும். திட்டு கிடைத்துவிட்டால் தேடல் அதோடு நின்றுவிடும். பிறகு கண் படத்தின் மேல் அலைந்தாலும் எதையும் பார்ப்பதில்லை. முதல் கோளாறைக் கண்டதும் இரண்டாவதைத் தவறவிடுவது பல வருடம் படம் பார்த்த ரேடியாலஜிஸ்டுகளுக்கும் நேர்கிறது. அதனால்தான் மருத்துவ மாணவர்களுக்கு ஓர் ஒழுங்கைப் பழக்குகிறார்கள். மூச்சுக்குழாய், நுரையீரல், இதயம், உதரவிதானம், கடைசியில் எலும்புகள். எந்தப் படமானாலும் இதே வரிசைதான். கண்ணைக் கவரும் திட்டு எங்கே இருந்தாலும் அதன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பாடத்துக்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். வயது 55, பல வருடங்களாகப் பீடி குடிப்பவர். சில மாதங்களாக வலது தோளில் வலி. அது கையின் உட்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரை போகிறது. தோள் மூட்டு பிடித்துக்கொண்டது என்று வலி மாத்திரையும் பிசியோதெரபியும் எடுத்துப் பார்த்தாயிற்று, குறையவில்லை. கொஞ்சம் இருமலும் இருப்பதால் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள்.

முதலில் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். பெயரும் தேதியும் இவருடையவைதானா? ஆர் அல்லது எல் என்ற எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது? நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலப் படத்தை வைப்பது வழக்கம். ஆகவே நமக்கு இடக்கைப் பக்கம் தெரிவது அவருடைய வலது நுரையீரல். அடுத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தபோது எடுத்த படமா என்று பார்க்க வேண்டும். உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா எலும்புகள் ஆறு எண்ண முடிந்தால் போதுமான மூச்சு. அரைமூச்சில் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெளுத்துக் கிடக்கும். இல்லாத நிமோனியா இருப்பதாகத் தோன்றும்.

படத்தில் கறுப்பாகத் தெரிவது காற்று, வெள்ளையாகத் தெரிவது எலும்பு. தசை, இரத்தம், நீர் எல்லாம் இடைப்பட்ட சாம்பல் நிறத்தில் வரும். நீரும் சீழும் இரத்தமும் எக்ஸ்ரேயில் ஒரே நிறம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் எல்லையே அங்கேதான் இருக்கிறது.

இப்போது மூச்சுக்குழாய். கழுத்தின் நடுவிலிருந்து கறுப்பு நாடாவாக இறங்கி வருவது அதுதான். நடுக்கோட்டில் இருக்க வேண்டும். மகாதமனி வளைவுக்குப் பக்கத்தில் சற்றே வலப்புறம் விலகியிருப்பது இயல்பு. அதற்கும் கீழே இரண்டாகப் பிரியும். இரண்டு கிளைகளில் வலப்பக்கத்தது அகலமானது, நேராக இறங்குவது. குழந்தை விழுங்கிய நிலக்கடலை பெரும்பாலும் வலப்பக்கம் போய் மாட்டுவதும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் செலுத்தும் மூச்சுக் குழல் அளவுக்கு மேல் போனால் வலப்பக்கமே நுழைவதும் இதனால்தான்.

இந்த முதல் படி எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். நெஞ்சின் ஒரு பாதி முழுவதும் வெள்ளையாக இருக்கிறது. உள்ளே என்ன நடந்திருக்கும்? நுரையீரலைச் சுற்றி நீர் நிறைந்திருக்கலாம். அல்லது கிளைக்குழாய் அடைபட்டு, உள்ளேயிருந்த காற்று உறிஞ்சப்பட்டு, நுரையீரல் சுருங்கியிருக்கலாம். வெள்ளையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. மூச்சுக்குழாய் சொல்லிவிடும். நீர் நிறைந்தால் அது இடம் பிடித்துக்கொண்டு மூச்சுக்குழாயை எதிர்ப்பக்கம் தள்ளும். நுரையீரல் சுருங்கினால் இடம் காலியாவதால் மூச்சுக்குழாயைத் தன் பக்கம் இழுக்கும். முன்னதற்கு ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும். பின்னதற்கு அடைப்பு எதுவென்று குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். சுருங்கிய நுரையீரலை நீர் என்று எண்ணி ஊசி போட்டால் அதில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. மூச்சுக்குழாய் நடுவிலேயே நின்றால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஸ்கேன் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. நோயாளி சற்றுத் திரும்பி நின்றிருந்தாலும் மூச்சுக்குழாய் விலகியதுபோலத் தெரியும். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால்தான் அவர் நேராக நின்றார் என்று நம்பலாம். நம் நோயாளி நேராகத்தான் நின்றிருக்கிறார். மூச்சுக்குழாயும் நடுவில் இருக்கிறது.

அடுத்தது நுரையீரல். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போவது வீண். உச்சியில் இடது, வலது. நடுவில் இடது, வலது. அடியில் இடது, வலது என்று ஒப்பிட்டபடியே இறங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவருடைய மறுபக்க நுரையீரல்தான் அளவுகோல். நெஞ்சுச் சுவருக்கு அருகே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா, அதற்கு வெளியே இரத்தக் குழாய்களின் இழைகளே இல்லாமல் வெறும் கறுப்பாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கிறது. அதோடு மூச்சுக்குழாயும் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, நோயாளி மூச்சுக்குத் திணறினால், அது நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை.

நம் படத்தில், இடது நுரையீரலின் மேற்பகுதியில் சுண்ணாம்பு போலப் பளிச்சென்று சில புள்ளிகள் தெரிகின்றன. விளிம்பு கூர்மையாக, அடர்ந்த வெள்ளையாக இருக்கின்றன. எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு இப்படித்தான் இருக்கும். நம் ஊரில் இது அபூர்வமல்ல. இருமலுக்கும் ஒரு காரணம் கிடைத்ததுபோல இருக்கிறது. பலர் படத்தை இங்கேயே கீழே வைத்துவிடுவார்கள். வரிசைப்படி போகிறவர் உச்சியையும் ஒப்பிட்டிருப்பார்: வலது உச்சி இடதைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கொஞ்சம்தான். இதுவும் பழைய தழும்பாக இருக்கலாம். குறித்துக்கொண்டு நகர்வோம்.

இதயத்தில் முதலில் பார்ப்பது அகலம். பெரியவர்களுக்கு, முதுகுப்பக்கமிருந்து கதிர் செலுத்தி எடுத்த படத்தில், இதயத்தின் அகலம் நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் இதயம் பிலிமிலிருந்து விலகி இருப்பதால் உருப்பெருத்துத் தெரியும். 'இதயம் வீங்கியிருக்கிறது' என்று யாராவது பயமுறுத்தினால் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். அகலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விளிம்பு. இதயத்தின் விளிம்பு நமக்குத் தெரிவதே பக்கத்தில் காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால்தான். அந்த நுரையீரலில் சீழ் நிறைந்தால் இரண்டும் ஒரே நிறமாகி விளிம்பு அழிந்துவிடும். வலது விளிம்பு அழிந்தால் நோய் வலது நடு மடலில் என்று இடத்தையே சொல்லிவிடலாம். இதயத்துக்குப் பின்னாலும் நுரையீரல் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடும் இடங்களில் அதுவும் ஒன்று.

உதரவிதானம் இரண்டு குவிந்த வளைவுகளாகத் தெரியும். வலது வளைவு சற்று உயரமாக இருப்பது வழக்கம். இரு ஓரங்களிலும் அது நெஞ்சுச் சுவரைத் தொடும் மூலை கூர்மையாக இருக்க வேண்டும். மூலை மழுங்கியிருந்தால் பெரும்பாலும் நீர் சேர்ந்திருக்கிறது. நின்று எடுத்த படத்தில் அப்படித் தெரிவதற்குள் ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்திருக்கும். வலது வளைவுக்குக் கீழே மெல்லிய கறுப்புப் பிறை தெரிந்தால் இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்திருக்கலாம் என்று பொருள். வயிற்றுவலிக்காரருக்கும் நெஞ்சுப்படம் எடுப்பது அதற்காகத்தான். இடது பக்கத்தில் இரைப்பைக் காற்று இயல்பாகவே இருக்கும் என்பதால் அங்கே ஏமாறக் கூடாது. நம் நோயாளிக்கு இதயத்திலும் உதரவிதானத்திலும் குறை எதுவுமில்லை.

கடைசியாக எலும்புகள். அலுப்பான வேலை என்பதால் பலர் தாவிவிடும் படி இது. ஒவ்வொரு விலா எலும்பையும் முதுகெலும்பில் தொடங்கி, ஓரம் வளைந்து, முன்பக்கம் முடியும்வரை கண்ணால் தொடர வேண்டும். வலது, இடது என்று ஜோடி ஜோடியாகப் பார்ப்பது எளிது. பிறகு காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பு. மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் எலும்பு இருப்பது தெரியும். இல்லாமல் போனது தெரியாது. அதனால்தான் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது.

நம் படத்தில் இடது இரண்டாம் விலா முழுதாக இருக்கிறது. வலது இரண்டாம் விலாவைத் தொடர்ந்தால், முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் சுமார் இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பின் விளிம்பே இல்லை. அரிக்கப்பட்டிருக்கிறது. குறித்துவைத்த வெளுப்பு அதற்கு நேர் மேலேதான் இருந்தது. பழைய காசநோய்த் தழும்பு இப்படி எலும்பைத் தின்னாது. நுரையீரலின் உச்சியில் முளைத்து, விலாவையும் கைக்குப் போகும் நரம்புகளையும் சேர்த்து அரிக்கும் புற்றுநோய் ஒன்று உண்டு. அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் ஹென்றி பான்கோஸ்ட் 1924-லும் 1932-லும் விவரித்ததால் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. தோள்வலி சுண்டுவிரலுக்கு இறங்கியது அந்த நரம்புகளால்தான். இனி நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வலது இமை சற்றுத் தொங்கியிருந்தால், வலது கண்மணி சிறுத்திருந்தால், சந்தேகம் இன்னும் வலுக்கும். உறுதி செய்வது சி.டி. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும்தான், எக்ஸ்ரே அல்ல.

எலும்போடு சேர்த்துத் தோலையும் சதையையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மார்பகம் அகற்றப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பக்க நுரையீரல் கூடுதல் கறுப்பாகத் தெரியும். நுரையீரலில் நோய் எதுவும் இல்லாமலேயே.

வரிசை தெரிந்துவிட்டதால் வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சிறிய கட்டிகளும் ஆரம்பநிலைக் காசநோயும் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சாதாரண வாசகர் செய்யக்கூடிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. பழைய நெஞ்சு எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்த கட்டி பெரும்பாலும் கெடுதல் இல்லாதது. அந்தப் படத்தில் இல்லாத கட்டியை உடனே ஆராய வேண்டும். மருத்துவரிடம் போகும்போது புதிய படத்தோடு பழையதையும் எடுத்துச் செல்லுங்கள்.