ஒரே முட்டை, ராணியும் வேலைக்காரியும்

தேனீக் கூட்டில் ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து பிறப்பவை. ராணி இடும் முட்டைகளில் கருவுறாதவை ஆண் தேனீக்களாகின்றன. கருவுற்றவை எல்லாம் பெண். அந்தப் பெண் முட்டைகளில் எது ராணியாகும் என்பது பொரியும் வரை முடிவாவதில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த ஷிராக் என்ற பாதிரியார் 1760-களில் இதைச் செய்து காட்டினார். ராணி இல்லாத தேனீக்களிடம் சாதாரண அறைகளில் இருந்த முட்டைகளையும் இளம் புழுக்களையும் மட்டும் கொடுத்தார். அவற்றிலிருந்தே அவை ஒரு ராணியை வளர்த்துக்கொண்டன. பலர் நம்பவில்லை. பிறகு ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா யூபர், கண்பார்வை இழந்தவர், தன் உதவியாளரின் கண்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தினார்.

ஒரே முட்டையிலிருந்து வந்தாலும் வளர்ந்தபின் இரண்டும் வெவ்வேறு இனம் போலத் தோன்றும். ஐரோப்பியத் தேனீயில் முட்டையிட்ட 16-ஆம் நாள் ராணி வெளிவருகிறது; வேலைக்காரிக்கு 21 நாள் வேண்டும். உடல் பெரியதாக இருந்தும் ராணிதான் சீக்கிரம் வளர்ந்து முடிகிறது. ராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் முட்டை உருவாகும் குழல்கள் 150-க்கும் மேல் இருக்கும். வேலைக்காரியின் சூலகத்தில் சில குழல்களே, பெரும்பாலும் பன்னிரண்டுக்குள். ராணி ஆண்டுக்கணக்கில் வாழும். கோடைக்கால வேலைக்காரி ஐந்தாறு வாரத்தில் முடிந்துபோகும். எல்லாவற்றிலும் ராணிக்கே மிகுதி என்று நினைக்க வேண்டாம். மகரந்தம் சுமக்கும் கூடை அதன் பின்னங்கால்களில் இல்லை. மெழுகுச் சுரப்பியும் இல்லை. புழுக்களுக்கு ஊட்டும் பாலும் அதற்குச் சுரக்காது. உழைப்பதற்கான உறுப்புகளை விட்டுக்கொடுத்துத்தான் அது ராணியாகிறது.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் உணவு. அந்த உணவைச் சுரப்பவை வயது சில நாட்களே ஆன வேலைக்காரத் தேனீக்கள். கூட்டை விட்டு வெளியே பறக்கத் தொடங்கும் முன் அவை செவிலிகளாக இருக்கின்றன. மகரந்தத்தைத் தின்று, தலையிலுள்ள இரண்டு சோடிச் சுரப்பிகளிலிருந்து வெண்மையான, புளிப்பான கூழைக் கக்குகின்றன. ராயல் ஜெல்லி அல்லது அரசக்கூழ் என்பது இதுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மீதியில் புரதமும் சர்க்கரையும் பெரும்பகுதி, சிறிது கொழுப்பு அமிலங்கள்.

ராயல் ஜெல்லி சாப்பிட்ட புழு ராணியாகும், சாப்பிடாதது வேலைக்காரியாகும் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். முதல் மூன்று நாட்களும் வேலைக்காரப் புழுவும் செவிலியின் கூழைத்தான் தின்கிறது. ஆனால் அந்த மூன்று நாட்களிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. வேலைக்காரப் புழுவுக்குக் கிடைக்கும் கூழில் சர்க்கரை குறைவு. ராணிப் புழுவின் கூழில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இனிப்பு புழுவின் பசியைத் தூண்டுகிறது. அதிகம் தின்ன வைக்கிறது. வேலைக்காரப் புழுவின் கூழில் சர்க்கரையைக் கூட்டிக் கொடுத்தபோது ஆய்வகத்தில் அதிலிருந்தும் ராணிகள் வளர்ந்தன. மூன்றாம் நாளுக்குப் பிறகு வேலைக்காரப் புழுவின் பங்கில் தேனும் கொஞ்சம் மகரந்தமும் கலக்கின்றன, அளவாகவே வருகின்றன. ராணிப் புழுவுக்கோ கடைசி வரை சுத்தக் கூழ்தான். தின்னத் தின்ன மீதமிருக்கும் அளவுக்கு, அறை நிறைய.

ராணி வளரும் அறையே வேறு. சாதாரண அறைகள் படுக்கைவாட்டில் இருக்கும். ராணியறை, தோலோடு கூடிய நிலக்கடலையைப் போல அடையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். புழு தலைகீழாக இருக்கும். அதைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருப்பது கூரையில் ஒட்டியிருக்கும் கூழ்தான். ராயல் ஜெல்லியின் புளிப்பால் அதிலுள்ள புரதங்கள் இழையிழையாகக் கோத்துக்கொண்டு அதைக் கெட்டியாக்குகின்றன. 2018-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்தப் புளிப்பைப் போக்கிப் பார்த்தார்கள். கூழ் இளகிவிட்டது, புழுக்கள் அறையிலிருந்து விழுந்தன. அதாவது இந்தக் கூழ் புழுவுக்கு உணவு மட்டுமல்ல, அதைத் தாங்கும் பசையும் கூட.

வயிறு நிரம்பத் தின்ற புழுவுக்குள் என்ன நடக்கிறது? மூளைக்கு அருகிலுள்ள சிறு சுரப்பிகள் இளமை ஹார்மோன் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. வேலைக்காரப் புழுவில் அது குறைவு. இந்த வேறுபாடு சூலகத்தில் தெளிவாகத் தெரியும். தொடக்கத்தில் இரு புழுக்களின் சூலகங்களும் ஒன்றுபோலவே நூற்றுக்கும் மேற்பட்ட குழல்களோடு இருக்கின்றன. கடைசிப் புழுப் பருவத்தில் வேலைக்காரப் புழுவின் குழல்களில் பெரும்பாலானவை செல்செல்லாக மடிந்து அழிகின்றன. ராணியில் அந்த ஹார்மோன் அவற்றைக் காப்பாற்றுகிறது. வேலைக்காரப் புழுவின் மேல் உரிய நேரத்தில் இந்த ஹார்மோனைத் தடவினால் அதுவும் ராணியின் சாயலுக்கு மாறத் தொடங்கும். மரபணுக்கள் மாறுவதில்லை, எவை இயங்க வேண்டும், எவை அடங்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2008-இல் செய்த ஆய்வு இதற்குச் சான்று. டி.என்.ஏ. மேல் வேதிக் குறிகளை இடும் ஒரு நொதியை இளம் புழுக்களில் அடக்கியபோது, அவற்றில் பெரும்பாலானவை ராணிக்குரிய சூலகத்தோடு வளர்ந்தன.

கூழிலுள்ள எந்தப் பொருள் ராணியை உண்டாக்குகிறது என்ற தேடல் நீண்ட காலமாக நடக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் மசாகி கமகுரா 2011-இல் ஒரு விடை சொன்னார். 40 டிகிரி வெப்பத்தில் முப்பது நாள் வைத்த கூழால் ராணியை வளர்க்க முடியவில்லை. அதில் சிதைந்துபோன ஒரு புரதத்தைத் திரும்பச் சேர்த்தபோது ராணிகள் வந்தன. அதற்கு அவர் ராயலாக்டின் என்று பெயரிட்டார். ஐந்தாண்டு கழித்து ஜெர்மானியக் குழு ஒன்று மறுப்பு வெளியிட்டது: அந்தப் புரதம் இல்லாத கூழிலும் ராணி வளர்கிறது என்றது. ஒரே ஒரு மாயப்பொருளைத் தேடுவது சுவையான கதையாகலாம். சான்றுகள் வேறு பக்கம் சாய்கின்றன. 2020-இல் அமெரிக்காவில் புரதமும் சர்க்கரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த பல உணவுகளைப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விகிதம் பெரிதாகப் பொருட்படவில்லை. எவ்வளவு தின்றது என்பதுதான் ராணியா வேலைக்காரியா என்பதைத் தீர்மானித்தது. ராயல் ஜெல்லியையே அளந்து குறைவாகக் கொடுத்தால் ஆய்வகத்தில் வேலைக்காரிகள்தான் கிடைக்கின்றன.

கொடுக்காமல் விடுவதற்கும் பங்குண்டு. மகரந்தத்திலும் தேனிலும் செடிகளின் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். அவற்றில் கூமரிக் அமிலம் என்ற ஒன்றை ராயல் ஜெல்லியில் சேர்த்துக் கொடுத்தபோது, அதைத் தின்ற புழுக்களின் சூலகம் சிறுத்துப்போனதை இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டார்கள். செவிலியின் சுரப்பிகள் வழியாக வடிந்து வரும் கூழில் இந்தச் செடிப்பொருள் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் ராணிக்குச் சிறப்பு உணவு கிடைப்பதோடு, வேலைக்காரிக்குச் செல்லும் சாப்பாடு அதற்கு மறுக்கவும் படுகிறது.

இதெல்லாம் நேரத்தோடு கட்டுண்டது. ராணி திடீரென்று இறந்த ஒரு கூட்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். சில மணி நேரத்தில் ராணியின் மணம் குறைவதைத் தேனீக்கள் உணர்கின்றன. வேலைக்காரி அறைகளில் இருக்கும் இளம் புழுக்களில் சிலவற்றைத் தேர்ந்து, அறையை அகலமாக்கி, கூழைக் கொட்டி, கீழ்நோக்கி நீட்டிக் கட்டுகின்றன. தேர்ந்தது பொரித்து ஒரு நாளான புழுவானால், முட்டையிட்டு நான்கு நாள் கடந்திருக்கும். இன்னும் பன்னிரண்டு நாளில் ராணி வெளிவரும். மூன்று நாள் வயதுப் புழுவைத் தேர்ந்திருந்தால் பத்தே நாளில் வந்துவிடும். இங்கேதான் சிக்கல். மூன்று நாள் வேலைக்காரிச் சாப்பாடு தின்ற புழு பிறகு எவ்வளவு கூழ் தின்றாலும் முழு ராணியாவதில்லை. சூலகக் குழல்கள் குறைந்து, விந்துப் பையும் சிறுத்து, சில சமயம் ராணிக்கும் வேலைக்காரிக்கும் நடுவான உடலோடு வரும். ஆனால் முதலில் வருவது அதுதான். வந்ததும் மற்ற ராணியறைகளைத் துளைத்து உள்ளிருப்பவற்றைக் கொன்றுவிடக்கூடும். தேனீக்களும் சும்மா இருப்பதில்லை. பாதி கட்டிய அறைகளைத் தாங்களே கலைக்கின்றன. வயதான புழு இருக்கும் அறைகளைத்தான் அதிகம் கலைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் அனுபவமுள்ள வளர்ப்பவர் ராணி போன மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து, அதற்குள் மூடப்பட்டுவிட்ட ராணியறைகளைக் கிள்ளி எறிவார். இளம் புழு இருக்கும் அறை நான்காம் நாளுக்கு முன் மூடப்படாது என்பதே அவருக்கான கணக்கு.

ராணிகளை விற்பனைக்கு வளர்ப்பவர்கள் இந்தச் சூதாட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கரான டூலிட்டில் 1889-இல் எழுதிய நூலில் விளக்கிய முறையே இன்றும் நடக்கிறது. பொரித்து ஒரு நாளைத் தாண்டாத, கண்ணுக்கு ஒரு சிறு வளைவாகத் தெரியும் புழுவை மெல்லிய கம்பியால் அடியோடு தூக்கி, மெழுகுக் கிண்ணத்தில் வைத்து, ராணியில்லாத வலுவான கூட்டுக்குள் இறக்குவார்கள். ராணி வெளிவந்த பின் வெற்று அறையைத் திறந்தால் மேலே காய்ந்த கூழ் கட்டியாக இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அந்த ராணி பசியறியாமல் வளர்ந்தது. துடைத்து வைத்தாற்போல் இருந்தால் செவிலிகளின் எண்ணிக்கையோ மகரந்தமோ போதவில்லை என்று பொருள்.

இளம் புழுவே இல்லாத கூட்டில் ராணி போனால் தேனீக்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாரங்கள் கழிந்தால் சில வேலைக்காரிகளே முட்டையிடத் தொடங்கும்; அவை ஆணோடு சேராதவை என்பதால் ஆண் தேனீக்கள் மட்டும் பிறந்து கூடு அழியும். அந்த நிலைக்கு வருமுன் வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு அடையை வைப்பார்கள். இரண்டொரு நாளில் அந்த அடையில் ராணியறைகள் தொங்கத் தொடங்கினால் கூட்டில் ராணி இல்லை என்பது உறுதி. புழுக்கள் வேலைக்காரிகளாகவே வளர்ந்தால், கண்ணில் படாத ஒரு ராணி உள்ளே எங்கோ இருக்கிறது.