15-வது அடியில் நின்ற கான்கிரீட்

மதியம் இரண்டு மணிக்குக் கலவை மிஷினின் பெல்ட் அறுந்தது. 30 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குல கனத்தில் ஒரு தளம். கீழே பத்தடிக்கு ஒன்றாக மூன்று அறைகள். மேற்குப் பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த கான்கிரீட் நடு அறையின் மேல் வந்து நின்றிருந்தது. ஓரம் ஒழுங்கில்லாமல் சில இடத்தில் 13 அடியிலும் சில இடத்தில் 14 அடியிலும் இருந்தது. புது பெல்ட் வாங்கி வந்து மாட்ட மாலை ஆகிவிடும் என்றார்கள்.

மேஸ்திரி சொன்னார்: "கையால கலந்தாவது 20-வது அடிச் சுவர் வரைக்கும் கொண்டுபோயிடுவோம் சார். சுவர் மேல நிறுத்தினா சுவர் தாங்கிக்கும். அறைக்கு நடுவுல அந்தரத்துல நிறுத்தவே கூடாது."

கேட்பதற்கு இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது. வீடு கட்டுகிறவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானோர் இதையேதான் சொல்வார்கள். ஆனால் கான்கிரீட்டை நிறுத்தி மறுநாள் தொடரும் ஜாயிண்டுக்கு நல்ல இடம், அவர் வேண்டாம் என்று சொன்ன அந்த அந்தரம்தான்.

ஏன் என்பதைச் சித்தாள் செங்கல் தூக்குவதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். ஐந்தாறு கல்லை வரிசையாக நிறுத்தி, இரு முனையிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தூக்குவார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எந்தப் பசையும் இல்லை. பிடி தளர்ந்தால் முதலில் எங்கே நழுவும்? கையை ஒட்டிய இடத்தில். அங்கேதான் மொத்த எடையில் பாதி, கீழே வழுக்கப் பார்க்கிறது. வரிசையின் நட்டநடுவில் இருக்கும் இடுக்கில் வழுக்கும் விசை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நடுவில் நடப்பது வேறு: வரிசை தொய்ந்து, இடுக்கின் அடிப்பக்கம் வாய் திறக்கப் பார்க்கும், மேல்பக்கம் இன்னும் நெருங்கி அழுந்தும்.

தளமும் அப்படித்தான். சுவர்கள்தான் உள்ளங்கைகள். அறையின் நடுவில் அடிப்பக்கம் திறக்கப் பார்ப்பதைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. ஜாயிண்ட் இல்லாத தளத்திலும் அங்கே இழுவிசைக்குக் கான்கிரீட்டை யாரும் நம்புவதில்லை. மேல்பக்கம் அழுத்தம்; அழுத்தம் ஜாயிண்டை மூடத்தானே செய்யும். பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடத்துக்குப் பெரும் பலவீனம் ஒன்று உண்டு, அது வழுக்குவது. பொறியாளர்கள் ஷியர் என்று சொல்வது அதைத்தான். பாரம் சீராகப் பரவிய தளத்தில் அது சுவரோரம் உச்சத்தில் இருந்து, நடுவை நோக்கிச் சீராகக் குறைந்து, நட்டநடுவில் பூஜ்யமாகிறது. அறையின் அகலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கின் எல்லையில்கூடச் சுவரோரத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் தளத்திலும் பீமிலும் ஜாயிண்டை நடு மூன்றில் ஒரு பங்குக்குள் வை என்று சொல்வது.

சுவரின் மேல் நிறுத்தினால் இன்னொரு வம்பும் வரும். தொடர்ச்சியாகப் போகும் தளம் சுவரின் மேல் கூன் போட்டது போல வளையும். அங்கே வாய் திறக்கப் பார்ப்பது மேல்பக்கம். மொட்டை மாடியில் மழைநீர் நிற்கிற பக்கமும் அதுதான்.

எங்கள் கணக்கு எளிதாயிற்று. நடு அறை 10-வது அடியில் தொடங்கி 20-ல் முடிகிறது. நடு மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 13 அடி 4 அங்குலம் முதல் 16 அடி 8 அங்குலம் வரை. 15-வது அடியில் கோடு போட்டோம். சுவர் வரை போவதென்றால் இன்னும் பத்துப் பதினைந்து மூட்டைக் கலவை கையால் கலக்க வேண்டும். அதற்குள் முன்னால் போட்டது இறுகிவிடும். 15 அடிக்கோட்டை எட்ட நாலைந்து மூட்டை போதும். முன்வாசல் பக்கம் 9 அங்குல அகலத்தில் ஒரு பீம் தளத்தோடு சேர்ந்து ஓடியது. அதன் தூண்களும் பத்தடிக்கு ஒன்று. ஆகவே பீமுக்கும் அதே கோடுதான் நடு. தளத்தை ஓரிடத்திலும் பீமை வேறிடத்திலும் நிறுத்தாமல் ஒரே செங்குத்தில் நிறுத்த முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

எல்லா வீட்டிலும் இப்படி அமையாது. பெரிய பீமின் நடுவில் குறுக்கே சின்ன பீம் ஒன்று வந்து உட்கார்ந்தால், அதன் பாரம் அந்த ஒரே இடத்தில் இறங்கும். அதை ஒட்டியே ஜாயிண்ட் வைக்கக் கூடாது. சின்ன பீமின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளிப் போக வேண்டும். 9 அங்குல பீம் என்றால் ஒன்றரை அடி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கோ நடு என்பதே கிடையாது. அதன் வேரில், சுவரோரம், ஜாயிண்ட் வரவே கூடாது. பால்கனியும் அதன் பின்னால் உள்ள தளமும் ஒரே மூச்சில் போடப்பட வேண்டும். பாத்ரூமின் மேல், தண்ணீர்த் தொட்டி வரும் இடத்தில் வைப்பதையும் நான் தவிர்ப்பேன், பலத்துக்காக அல்ல, ஒழுகலுக்காக.

இடம் முடிவானதும் அடுத்த சண்டை, எப்படி நிறுத்துவது என்பது. வழக்கமாகக் கலவையைச் சரிவாக இழுத்து, ஓரத்தைத் தோசை விளிம்பு போல மெல்லிசாக்கி விட்டுவிடுவார்கள். அந்தச் சரிவில் ஜல்லி உருண்டு அடியில் சேரும், வைப்ரேட்டரின் அதிர்வு ஒழுங்காக ஏறாது, மெல்லிய விளிம்பு வெயிலில் காய்ந்து உதிரும். மறுநாள் அதன்மேல் போடுவது உதிரியின் மேல் போடுவதுதான். ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்குக் குறுக்கே பலகை வேண்டும்.

ஆனால் கம்பியை வெட்டக் கூடாதே. எங்கள் தச்சர் 5 அங்குல உயரப் பலகையின் அடியில், கம்பி வரும் இடமெல்லாம் பள்ளம் வெட்டி, சீப்பு போல ஆக்கி, கம்பிகளின் மேல் கவிழ்த்து நிறுத்தினார். பள்ளத்துக்கும் கம்பிக்கும் இடையில் மிஞ்சிய சந்துகளில் ஈரச் சாக்குத் துண்டுகளைத் திணித்தோம். இல்லாவிட்டால் சிமென்ட் பால் ஒழுகிப்போய் ஓரத்தில் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். பீமுக்குள்ளும் அதே கோட்டில் முழு ஆழத்துக்கும் ஒரு பலகை. பலகையை ஒட்டி வைப்ரேட்டரை நிதானமாக ஓட்டினோம். அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் தெறித்திருந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்தோம். அதன் பிறகு அந்தக் கம்பிகள் மேல் யாரும் நடக்கக் கூடாது. ஒரு முனையில் மிதித்தால் மறுமுனை இறுகாத கான்கிரீட்டுக்குள் ஆடும், பிடிப்பு போய்விடும்.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான வேலை. கான்கிரீட்டின் முகத்தில் சிமென்டும் தூசியும் தண்ணீரும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம் நின்று காயும். வழவழப்பான, பலமில்லாத தோல் அது. புதுக் கான்கிரீட் அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டால், தோல் உரியும்போது அதுவும் சேர்ந்து வரும். அதைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க ஒரு பதம் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை மட்டும் பதிய வேண்டும், பள்ளம் விழக் கூடாது. பிரஷ் பட்டால் பால் போக வேண்டும், ஜல்லி அசையக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது வெயிலையும் சிமென்டையும் பொறுத்தது. எங்களுக்கு அன்று மாலை ஏழு மணிக்கு அந்தப் பதம் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பலகையைக் கழற்றி, தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஜல்லிகள் முகத்தில் பாதி வெளியே தெரிய, தொட்டால் சொரசொரவென்று இருந்தது.

இந்தப் பதத்தைத் தவறவிட்டால் மறுநாள் உளி கொண்டு கொத்த வேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் மெல்ல. பெரிய சுத்தியல் கொண்டு ஓங்கி அடித்தால் நன்றாக இருக்கும் ஜல்லியும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிடும்.

இரவெல்லாம் அந்த முகத்தின் மேல் ஈரச் சாக்கு கிடந்தது. பழைய கான்கிரீட் தாகத்தோடு இருந்தால், புதுக் கலவையில் சிமென்ட் இறுகத் தேவையான தண்ணீரை அதுவே குடித்துவிடும். அதற்காகக் குடம் குடமாக ஊற்றி, தண்ணீர் தேங்கியபடியே கான்கிரீட் போட்டால் ஜாயிண்டில் மட்டும் கலவை நீர்த்துப்போகும். உள்ளே நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், மேலே ஈரம் மினுமினுக்கக் கூடாது. காலையில் சாக்கை எடுத்து, மரத்தூள், கட்டுக்கம்பித் துண்டு, பீடித்துண்டு எல்லாவற்றையும் கூட்டி அள்ளினோம்.

அப்போது மேஸ்திரி ஒரு வாளியில் சிமென்ட் பால் கரைத்துக்கொண்டு வந்தார். மிஷின் ஓடவே இன்னும் அரை மணி நேரம் இருந்தது. "இப்பவே அடிச்சு வச்சிடுறேன் சார்" என்றார். "அண்ணே, கலவை வர்ற நேரத்துக்கு வச்சுக்குங்க" என்றேன். முன்கூட்டி அடித்துக் காயவிட்ட பால், நேற்று இரவு தேய்த்து எடுத்த அதே தோலாகத் திரும்பி வந்துவிடும். நம் நாட்டுக் கான்கிரீட் விதிமுறையான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஜாயிண்ட் முகத்தில் பால் பூசச் சொல்லவில்லை. படலத்தை அகற்று, முகத்தைச் சொரசொரப்பாக்கு, தண்ணீர் குடிக்க வை, புதுக் கான்கிரீட்டை அங்கே நன்றாக அதிர வை என்றுதான் சொல்கிறது. அதிர்வில் புதுக் கலவையின் சாந்தே பழைய ஜல்லிகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும். பால் அடித்தே ஆக வேண்டும் என்று மேஸ்திரி மனசு கேட்காவிட்டால், கெட்டியாகக் கரைத்து, அடித்த ஈரம் காய்வதற்குள் கான்கிரீட் விழ வேண்டும். அன்று அப்படித்தான் செய்தோம்.

புதுக் கலவையை முதலில் ஜாயிண்டை ஒட்டிக் கொட்டி, வைப்ரேட்டரைப் பழைய முகத்தில் இடிக்காமல் ஒரு சாண் தள்ளி இறக்கினோம். மாலைக்குள் தளம் முடிந்தது. வீட்டுக்காரர் சென்ட்ரிங் பிரிக்கும் நாளை முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். நடு அறைத் தளத்தில் பாதிதான் முதல் நாள் போட்டது. முட்டு எடுத்தால் இரு பாதியும் சேர்ந்தே பாரம் தாங்க வேண்டும். எனவே கணக்கு இரண்டாம் நாளிலிருந்து.

முதல் மழைக்காலத்தில் போன் வந்தது. நடு அறைக் கூரையில் 15 அடிக்கோட்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. இரண்டு நாள் கான்கிரீட்டும் வெவ்வேறாகச் சுருங்குவதால் வரும் அந்தக் கோட்டுக்கு நான் பயப்படவில்லை. கோட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் தணிந்து படி போல இருந்தாலோ, சுவரோரம் சாய்வான விரிசல் வந்திருந்தாலோதான் பயம். இரண்டும் இல்லை. ஆனால் வடக்கு ஓரத்தில் ஒரு கையகல இடத்தில் ஈரமும், வெள்ளை உப்பும் பூத்திருந்தன. சுத்தியல் காம்பால் தட்டினேன். அங்கே மட்டும் 'டொப்' என்று ஒலித்தது.

கொத்திப் பார்த்தபோது உள்ளே கம்பியை ஒட்டி ஒரு சாக்குத் துண்டு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பலகையைக் கழற்றிய அந்த இரவு, ஒன்றை எடுக்க மறந்திருக்கிறோம்.