ஈ.சி.ஜி. கோட்டை வளைக்கும் ஃபில்டர்

நெஞ்சுவலி என்று வந்தவரின் ஈ.சி.ஜி. தாளில் மருத்துவரின் கண் போய் நிற்பது ஒரு சின்ன இடத்தில். கூர்மையாக எழும் கியூ.ஆர்.எஸ். முனைக்கும், அதன் பின்னால் மேடுபோல் வரும் டி அலைக்கும் நடுவே ஏறக்குறைய தட்டையாக ஓடும் கோடு அது. எஸ்.டி. பகுதி என்பார்கள். பெரும்பாலான லீடுகளில் அது ஒரு மில்லிமீட்டர், அதாவது 0.1 மில்லிவோல்ட், ஏறியிருந்தாலே மாரடைப்போ என்ற சந்தேகம் வந்துவிடும். இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாதபோதும் கருவிக்குள் இருக்கும் ஃபில்டர் அந்தக் கோட்டை அவ்வளவு தூரம் நகர்த்திவிட முடியும்.

ஃபில்டர் அங்கே இருப்பதற்குக் காரணம் மூச்சு. நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுபவரின் ஈ.சி.ஜி. கோடு 0.25 ஹெர்ட்ஸ் வேகத்தில் மேலும் கீழும் அலையும். அதை அடக்க, 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைக் குறைக்கும் ஃபில்டரைப் போடலாம். நாடி 60 என்றால் இதயத் துடிப்பின் மிகக் குறைந்த அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ்தானே, அது தப்பித்துவிடும் என்று தோன்றும். எளிய அனலாக் ஃபில்டரில் கணக்குப் போட்டால் 1 ஹெர்ட்ஸ் அலையில் 89 சதவீதமும், 2 ஹெர்ட்ஸ் அலையில் 97 சதவீதமும் அப்படியே கடந்து வருகின்றன. உயரத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கவலைப்பட எதுவும் இல்லை.

ஆனால் ஃபில்டர் அலைகளின் உயரத்தோடு அவற்றின் நேரத்தையும் தொடுகிறது. ஒவ்வொரு அலையும் தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கோணமாகச் சொல்வதுதான் கட்டம். மேலே சொன்ன ஃபில்டர் 1 ஹெர்ட்ஸ் அலையின் கட்டத்தை 27 டிகிரி முன்னே தள்ளுகிறது. காலக் கணக்கில் அது 74 மில்லிசெகண்ட். 2 ஹெர்ட்ஸ் அலை 14 டிகிரி நகர்கிறது, அதாவது 19 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். 10 ஹெர்ட்ஸ் அலையோ ஒரு மில்லிசெகண்ட் கூட நகரவில்லை. ஒரு துடிப்பின் வடிவம் என்பது இந்த அலைகள் எல்லாம் சரியான கணத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் உண்டாவது. கோலாட்டத்தில் எல்லோரும் ஒரே அளவு பிந்தினால் ஆட்டம் கெடாது. ஆளுக்கு ஒரு அளவில் பிந்தினால்தான் கோல் கோலோடு சேராது.

அதிர்வெண் கூடக்கூடக் கட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை அளந்தால் கிடைப்பது குழுத் தாமதம். கட்டம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் மாறினால் அந்தச் சரிவு எங்கும் ஒன்றே. எல்லா அலைகளும் ஒரே நேரம் தாமதித்து வரும், வடிவம் குலையாது. நம் ஃபில்டரில் சரிவு வளைகிறது. குழுத் தாமதம் 1 ஹெர்ட்ஸில் 64 மில்லிசெகண்ட், 2 ஹெர்ட்ஸில் 19, 10 ஹெர்ட்ஸில் ஒன்றுக்கும் கீழே.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. கருவிக்குள் 3 மில்லிவோல்ட் உயரமும் 100 மில்லிசெகண்ட் அகலமும் கொண்ட சதுரத் துடிப்பு ஒன்றைச் செலுத்துவார்கள். 0.5 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் துடிப்பின் தட்டையான தலை சாய்ந்து இறங்கும். துடிப்பு முடிந்ததும் கோடு பழைய இடத்துக்கு வராமல் 0.8 மில்லிவோல்ட் கீழே விழுந்து, மெல்ல மெல்ல ஏறும். தாளில் எட்டு சிறு கட்டங்கள்! கியூ.ஆர்.எஸ். முனைக்குப் பின் அந்தப் பள்ளம் விழுகிற இடம்தான் எஸ்.டி. பகுதி. அதே சோதனையை 0.05 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் செய்தால் பள்ளம் 0.09 மில்லிவோல்ட். நோயறியும் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் அனுமதிக்கும் உச்சம் 0.1.

அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 1975-இல் 0.05 ஹெர்ட்ஸ் என்று வரையறுத்தது. அப்படி வைத்தால் மூச்சின் அலைச்சல் தாளில் தங்கிவிடும் என்பது அதன் விலை. டிஜிட்டல் கருவிகள் வந்தபின் வேறு வழி பிறந்தது. பதிவைச் சேமித்துக்கொண்டு, ஒருமுறை முன்னிருந்து பின்னாகவும், மறுமுறை பின்னிருந்து முன்னாகவும் ஃபில்டருக்குள் விடுவார்கள். முதல் ஓட்டத்தில் நகர்ந்த கட்டம் இரண்டாவதில் அதே அளவு எதிர்த்திசையில் நகர்ந்து ரத்தாகிவிடும். கட்டத்தைக் குலைக்காத இத்தகைய ஃபில்டர்களுக்கு அதே சங்கம் 1990-இல் 0.67 ஹெர்ட்ஸ் வரை இடம் கொடுத்தது. இதிலும் பள்ளம் முழுதாக மறைவதில்லை. துடிப்பின் இரு பக்கமும் ஆழம் குறைந்து, சமமாகப் பரவி நிற்கும்.

பின்னோக்கி ஓட்டுவதற்கு முழுப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பத்து செகண்ட் எடுத்து அச்சிடும் கருவிக்கு அது எளிது. ஐ.சி.யூ. மானிட்டர் நொடிக்கு நொடி காட்ட வேண்டியிருப்பதால் காத்திருக்க நேரமில்லை; அதில் பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸ் அமைப்பே இருக்கும். நாடி சீராக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். அதன் திரையில் எஸ்.டி. இறங்கித் தெரிந்தால், 12 லீடு ஈ.சி.ஜி. ஒன்று எடுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்தத் தாளின் ஓரத்தில் 25 mm/s, 10 mm/mV என்பவற்றோடு 0.05-150 Hz என்பதுபோல் அச்சாகியிருக்கும். அதன் முதல் எண்ணைப் படித்துவிட்டுக் கோட்டைப் பார்ப்பது நல்லது.