சோதனையா, பயிற்சியா?

முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் புதியதை ஏற்க மாட்டான் என்கிறார்கள். அலுவலகத்துக்கு ஒரு புதிய மென்பொருள் வந்து, அது சரியாக நடக்கவில்லையென்றால், முதலில் எழும் குற்றச்சாட்டு இதுதான். "பழைய ஆட்கள் ஒத்துழைக்க மறுக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. நாம் கேட்போம். அதுவும் பொன்மலையில் நின்று கேட்போம்.

பொன்மலைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தென்னிந்திய ரயில்வே தன் பட்டறைகளை இங்கே கொண்டுவந்து ஒன்றுசேர்த்த காலத்தில், புதிய கட்டிடம் எழுந்தது. புதிய இயந்திரம் வந்தது. கூடவே ஆட்குறைப்பும் வந்தது. யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிக்கத் தொழில் தேர்வு வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் சுத்தியலும் உளியும் பிடித்த கையை, "உனக்கு வேலை தெரியுமா?" என்று கேட்டார்கள். 1928 ஜூலையில் வெடித்த பெரும் வேலைநிறுத்தத்துக்கு அந்தத் தேர்வும் ஆட்குறைப்பும்தான் காரணம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை சென்றார்கள்.

அந்தத் தொழிலாளிகள் வெறுத்தது இயந்திரத்தையா? இல்லை, தோழர்களே! இயந்திரத்தின் முதுகில் ஏறி வந்த தேர்வையும், தேர்வின் பின்னால் ஒளிந்திருந்த வேலைநீக்கத்தையும் வெறுத்தார்கள். இன்றும் ஓர் ஊழியரைக் கணிப்பொறியின் முன் உட்காரவைத்து, இளைஞர்கள் சுற்றி நிற்க, "இதைக்கூடவா தெரியவில்லை?" என்று கேட்டால், அதுவும் தொழில் தேர்வுதான், பெயர் மட்டும் வேறு.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். இந்திய ரயில்வே 2020ஆம் ஆண்டில் ஊழியர் விவகாரங்களுக்கென்று எச்.ஆர்.எம்.எஸ். என்னும் மென்பொருளைக் கொண்டுவந்தது. ரயில்வேயின் சொந்தக் கணிப்பொறி நிறுவனமான கிரிஸ் அதை உருவாக்கியது. அந்த ஆகஸ்டில் பாஸ் கைப்பேசிக்கு வந்தது. நவம்பரில் சேமநிதி முன்பணமும் ஓய்வுக்காலக் கணக்கும் அதில் சேர்ந்தன. அதுவரை பாஸ் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி, பாஸ் குமாஸ்தாவிடம் கொடுத்து, அவர் எழுதித் தரும் தாளை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது ஊழியரே கைப்பேசியில் விண்ணப்பிக்கிறார், குமாஸ்தா சரிபார்க்கிறார், அதிகாரி ஒப்புதல் தருகிறார், பாஸுக்கு ஓர் எண் விழுகிறது. அந்த எண்ணைக் கொண்டு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். நடையும் காத்திருப்பும் மிச்சம்.

ஆனால் எங்கே இடறுகிறது? பட்டறையில் 27 ஆண்டு வேலை பார்த்த ஒரு ஃபிட்டரை எடுத்துக்கொள்வோம். மனைவி, மகள், விதவைத் தாய் ஆகியோருடன் திருப்பதி போக விரும்புகிறார். பழைய நாளில் பாஸ் குமாஸ்தாவுக்கு அந்தத் தாயைத் தெரியும். அவர் பெயர் எந்தத் தாளில் இருக்கிறது என்றும் தெரியும். கைப்பேசியைத் திறந்தால் மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறார், தாய் இல்லை! தாய் தம்மைச் சார்ந்தவர் என்று அவர் என்றோ எழுதிக் கொடுத்த தாள் கட்டுக்குள் கிடக்கிறது, கணிப்பொறியில் ஏறவில்லை. அல்லது ஏறியிருக்கிறது, ஒப்புதல் ஆகவில்லை. "இது உருப்படாத வேலை" என்கிறார் ஃபிட்டர். "இவர் எதிர்க்கிறார்" என்று எழுதுகிறது அலுவலகம். உண்மை என்ன? விடுபட்டது ஒரே ஒரு பதிவு. ஃபிட்டர் சொன்னது எதிர்ப்பல்ல, பிழை அறிக்கை!

ஆகவே முதல் வேலை பயிற்சி வகுப்பு அல்ல. பதிவைத் திருத்துவதே முதல் வேலை. மென்பொருளைத் திறந்துவிடுமுன் ஒவ்வொரு ஊழியரின் விவரத்தையும் தாளில் அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, குடும்பத்தார், கைப்பேசி எண், இந்த ஆண்டு எடுத்த பாஸ் எத்தனை என்ற ஐந்தையும் அவரே பார்த்துத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். அதைச் சர்வீஸ் ரிஜிஸ்டருடன் ஒத்துப் பார்ப்பது யார்? பழைய பாஸ் குமாஸ்தாதான்! மகனுக்கு எத்தனை வயதுவரை பாஸ், அரை செட் எப்படிக் கணக்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை மாணவராக உட்காரவைத்தால் அவமானம். சரிபார்ப்பவராக உட்காரவைத்தால் மரியாதை. தாமே சரிபார்த்த பதிவேட்டை அவர் குறை கூற மாட்டார். பிறர் குறை கூறினாலும் விடமாட்டார்.

இரண்டாவது, ஒரே நாளில் எல்லா ஷாப்பிலும் திறக்கக் கூடாது. ஒரு ஷாப்பில் தொடங்கி, பழைய தாளும் புதிய முறையும் சில வாரம் சேர்ந்து நடக்கட்டும். ஆனால் முடியும் தேதியை முதல் நாளே சுவரில் ஒட்டிவிட வேண்டும். தேதி இல்லாவிட்டால் பழையதும் போகாது, புதியதும் நிலைக்காது. குமாஸ்தாவுக்கு இரட்டை வேலைதான் மிஞ்சும். அந்த வாரங்களுக்கு உதவி ஆள் தராமல் இரட்டை வேலை வாங்கினால், வெறுப்பு வருவதில் வியப்பென்ன?

மூன்றாவது, குறைகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். யார் சொன்னார் என்பதைவிட எதனால் வந்தது என்பதே முக்கியம். பதிவில் தவறா, மென்பொருளில் கோளாறா, சொல்லிக்கொடுக்காத குறையா, வேலை போய்விடும் என்ற அச்சமா என்று நான்காகப் பிரித்தால் போதும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. பதிவுத் தவறுக்குப் பயிற்சி மருந்தாகாது. அச்சத்துக்கு விளக்கப் புத்தகம் மருந்தாகாது.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று எப்படி அறிவது? விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, பக்கத்துப் பையனிடமோ பிரவுசிங் சென்டரிலோ கொடுத்து, வரும் ஓ.டி.பி. எண்ணையும் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கணக்கில் அவர்கள் மென்பொருளை ஏற்றவர்கள்! உண்மையில் தங்கள் சாவியையே இன்னொருவரிடம் ஒப்படைத்தவர்கள். சேமநிதி முன்பணமும் அதே சாவியில் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தாமே விண்ணப்பித்தவர் எத்தனை பேர், திரும்பி வந்தவை எத்தனை, எதனால் திரும்பின என்று வாராவாரம் எண்ணினால் உண்மை வெளிப்படும். கைப்பேசி வசதி இல்லாதவருக்கு ஷாப்பிலேயே ஒரு மேசையும், பொறுமையாகச் சொல்லித்தர ஓர் ஆளும் வேண்டும். சொல்லித்தருபவர் அதே ஷாப்பின் மூத்த தொழிலாளியாக இருந்தால் கேட்கக் கூச்சம் இராது.

இவ்வளவும் செய்தாலும் தீராதது ஒன்று உண்டு. மென்பொருள் வந்தபின் குமாஸ்தா இடங்கள் குறையுமானால், அதை மறைத்துவிட்டு வசதியைப் பற்றி மட்டும் பேசுவது ஏமாற்று வேலை. வங்கிகளில் என்ன நடந்தது? இயந்திரத்துக்குப் பெரும் எதிர்ப்பு இருந்தது. 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் உட்கார்ந்து, எந்த வேலைக்கு இயந்திரம், எந்த அளவுக்கு என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகே கணிப்பொறி படிப்படியாகக் கிளைகளுக்குள் நுழைந்தது.

ஆகவே அடுத்த மென்பொருள் வரும் நாளில் சங்கத் தோழர்கள் "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லோடு நிற்கக் கூடாது. எங்கள் விவரத்தை அச்சிட்டுக் காட்டு. எந்த ஷாப்பில் தொடங்குகிறாய், பழைய முறை என்று முடியும், சொல். எந்த இடம் குறையும், அங்கிருப்பவருக்கு எந்த வேலை, எழுதிக் கொடு என்று கேட்க வேண்டும். நிர்வாகமும் தேர்வு வைக்க வராமல், பயிற்சி கொடுக்க வரட்டும். 1928இல் பொன்மலை எதை எதிர்த்தது என்பதை அறிந்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள்.