பணிவும் உறுதியும்

பழைய மிதிவண்டியை விற்க விரும்பும் ஒருவர் இவ்வாறு விளம்பரம் எழுதுகிறார் எனக் கொள்வோம்:

"விலை 4,500 ரூபாய். பேரம் பேசி என் நேரத்தை வீணாக்காதீர்கள். வாங்க வக்கிருந்தால் மட்டும் வாருங்கள். முதலில் பணம் தருபவருக்கே வண்டி. உடனே முந்துங்கள்!"

இதில் நிபந்தனைகள் இரண்டே: விலை குறையாது, முதலில் பணம் தருபவருக்கே வண்டி. எஞ்சியவை ஏளனமும் அவசரப்படுத்தலும் ஆகும். வினைகள் முன்னிலை ஏவலாக நின்று, இன்னும் வராத ஒருவரைக் கடிந்துகொள்கின்றன. எனவே, அவ்வேவல்களை நீக்கி, விலையையும் பொருளையும் எழுவாயாக்கி எழுதுதல் வேண்டும்:

"விலை 4,500 ரூபாய், இதுவே இறுதி விலை. இரு டயர்களும் சென்ற மாதம் மாற்றப்பட்டவை. மாலை 5 முதல் 7 மணி வரை வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். முழுத்தொகையை முதலில் செலுத்துபவருக்கு வண்டி வழங்கப்படும்."

டயர் பற்றிய செய்தி, அது உண்மையாயின், விலைக்குரிய காரணத்தைக் காட்டிப் பேரத்தைத் தானே குறைக்கும்.

பணிவு கருதி 'இறுதி விலை' என்பதை 'எதிர்பார்க்கும் விலை' என மாற்றினால், பேரத்திற்கு வாயில் திறந்துவிடும். ஆகவே, எழுதி முடித்தபின் இரு வடிவங்களையும் ஒப்பிடுக. முதல் வடிவத்தின் நிபந்தனைகள் இரண்டும் இரண்டாவதிலும் தேய்வின்றி நிற்றல் வேண்டும்.