தொலைந்த உயிலை நகல் கொண்டு மெய்ப்பித்தல்

மூல உயில் தொலைந்து நகல் மட்டும் எஞ்சினால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 237ஆம் பிரிவின்படி நகலுக்கே நீதிமன்றம் புரோபேட் வழங்கலாம். ஆனால் மூலம், எழுதியவர் இறந்த பின் தொலைந்திருக்க வேண்டும்; அல்லது அவர் செயலாலன்றி அழிந்திருக்க வேண்டும். மூலம் கிடைக்கும்வரையே அந்தப் புரோபேட் செல்லும்.

சிக்கல், மூலம் கடைசியாக யாரிடம் இருந்தது என்பதில்தான். தந்தை தம் பெட்டியில் வைத்திருந்த உயில் அவர் இறந்தபின் அங்கே இல்லையென்றால், அவரே அதைக் கிழித்து ரத்து செய்திருப்பார் என்ற அனுமானம் எழும். சார்பதிவாளர் அலுவலகச் சான்றிட்ட நகல் மட்டும் இதை முறியடிக்காது. பதிவான உயிலையும் கிழித்து ரத்து செய்யலாம். இறப்புக்குப் பின் பெட்டியில் உயிலைப் பார்த்தவரின் நம்பகமான சாட்சியம் முறியடிக்கும்.

அதன் பின்னும், மூலம் முறைப்படி எழுதப்பட்டதை மெய்ப்பிக்க, சான்றொப்பமிட்டவர்களில் உயிருடன் உள்ள ஒருவரையாவது விசாரிக்க வேண்டும்.