சிவப்புச் சாற்றில் நீலத்தைத் தேடுவது

ஆரஞ்சுச் சாற்றில் வைட்டமின் சி எவ்வளவு என்பதை அயோடின் கரைசலால் அளக்கலாம். 20 மில்லி சாற்றை வடிகட்டி, 150 மில்லி தண்ணீரும் சில சொட்டு ஸ்டார்ச் கரைசலும் சேர்த்து, பியூரெட்டிலிருந்து 0.005 மோலார் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைட்டமின் சி இருக்கும்வரை அது அயோடினை அயோடைடாக மாற்றிவிடும். தீர்ந்ததும், மிஞ்சும் அயோடின் ஸ்டார்ச்சுடன் சேர்ந்து கருநீலமாகும். குலுக்கிய பிறகும் அந்த நிறம் நின்றால் நிறுத்திவிடலாம்.

1 மில்லி அயோடினுக்கு 0.88 மில்லிகிராம் வைட்டமின் சி என்பது கணக்கு. 10 மில்லி செலவானால் 20 மில்லி சாற்றில் 8.8 மில்லிகிராம், அதாவது 100 மில்லியில் 44 மில்லிகிராம்.

மாதுளை, கருந்திராட்சைச் சாறுகளில் அந்த நீலம் சிவப்புக்குள் ஒளிந்துகொள்ளும். முடிவு தெரியாமல் கூடுதலாக அயோடின் விட்டால், வைட்டமின் அதிகம் இருப்பதாகத் தவறாகக் காட்டும். நிறத்தை நீக்க மரக்கரித் தூளைப் போடக் கூடாது. அது வைட்டமின் சி-யையும் ஆக்சிஜனேற்றம் செய்து கெடுத்துவிடும். சாற்றின் அளவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். அதே கலவையில் இன்னொரு குடுவையை அயோடின் விடாமல் பக்கத்தில், வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். இரண்டின் நிறமும் வேறுபட்டு நிற்கும் முதல் சொட்டே முடிவுப்புள்ளி.